பேசியவர் தெளிவில்லை

அந்த ஒலிப்பதிவு அவளிடம் வந்தபோது நான்கு துண்டுகளாக இருந்தது. அவசர வேலை என்றால் அப்படித்தான் வரும். நீளமான பதிவை ஒருவரே கேட்டு எழுதினால் ஒரு நாள் போய்விடும்; வாடிக்கையாளருக்கோ மதியத்துக்குள் வேண்டும். அதனால் பதிவைத் துண்டு போட்டு வரிசையில் விடுவார்கள். யார் கை காலியாக இருக்கிறதோ அவர் ஒன்றை எடுத்துக்கொள்வார். எடுத்தவர் பக்கத்து அறையில் இருக்கலாம், வேறு ஊரில் தன் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கலாம். எழுதி வந்த துண்டுகளைக் கோர்த்து, தொடக்கத்திலிருந்து முடிவுவரை காதால் ஒருமுறை கேட்டுச் சரிபார்த்து, ஒரே கை எழுதியதுபோல ஆக்கி அனுப்புவது அவள் வேலை. இதற்கு அலுவலகத்தில் 'கட்டுதல்' என்று பெயர்.

"பூக்கட்டுற மாதிரிதான்," என்று புதிதாகச் சேர்கிறவர்களிடம் எதிர்மேசைக்காரன் சொல்வான். "பூ மட்டும் இருக்காது. நாரு நிறைய இருக்கும்."

அவனை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிட்டார்கள். ஹெட்போன் மாட்டியிருக்கும்போதும் வாய் ஓயாது. தொடர்களுக்குச் சப்டைட்டில் போடுவது அவன் வேலை. நடிகர் எவ்வளவு நீட்டிப் பேசினாலும் திரையில் இரண்டு வரிக்குள் அடக்க வேண்டும், பார்க்கிறவர் படித்து முடிக்கிறவரை அது நிற்கவும் வேண்டும். ஊரார் பேச்சையெல்லாம் நறுக்கி நறுக்கி, மிஞ்சியதைத் தன் வாயில் சேர்த்துக்கொண்டவன் என்று அவள் நினைத்துக்கொள்வாள். அவளைவிடப் பத்து வயது சின்னவன். அக்கா என்பான்.

இரண்டாம் மாடியில் நீளமான ஒரே அறை. சத்தம் நுழையாமலிருக்க ஜன்னல்களை நுரைப்பலகையால் அடைத்திருந்தார்கள். அதனால் வெளியே மழையா வெயிலா என்று தெரியாது. வேலையைப் பிரித்துக் கொடுப்பவரின் மேசை அறைக் கோடியில். யாருக்கு எந்த ஃபைல், எவ்வளவு நேரம், யார் தாமதம் என்று நாள் முழுக்க ஆள் ஏவிக்கொண்டிருப்பதால் அவருக்கு மேஸ்திரி என்று பெயர். அவருக்கும் அது தெரியும்.

அவள் ஹெட்போனை மாட்டி, பதிவை ஓட்டவும் நிறுத்தவும் மேசைக்கடியில் இருக்கும் கால்மிதியை அழுத்தினாள்.

ஒரு தொழிற்சாலையின் உள்விசாரணை. கலவை எந்திரத்தின் தொட்டிக்குள் இறங்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்த ஒரு தொழிலாளி, எந்திரம் திடீரென்று ஓடியதில் இறந்துபோயிருந்தான். பதிவில் மூன்று பேர்: கேள்வி கேட்கும் விசாரணை அதிகாரி, அந்த ஷிஃப்டின் சூப்பர்வைசர், எந்திரத்தின் ஹெல்பர். ஒரே ஒரு கைப்பேசியை மேசை நடுவில் வைத்துப் பதிந்திருக்க வேண்டும். எங்கோ ஒரு வெளியேற்று விசிறி விடாமல் இரைந்தது. அதிகாரியின் குரல் கனத்தது, தனியாகத் தெரிந்தது. மற்ற இருவரின் குரல்களும் விசிறி இரைச்சலில் கரைந்து, ஒரே தாய் பெற்ற பிள்ளைகள்போல இருந்தன.

வாடிக்கையாளர் அந்தத் தொழிற்சாலையின் வழக்கறிஞர் அலுவலகம். அவர்கள் 'சுத்த நடை' கேட்டிருந்தார்கள். அதாவது இழுவை, திக்கல், இருமல், செருமல், மௌனம் எதுவும் எழுத்தில் வரக்கூடாது. சொன்ன சொல் மட்டும். இவர்கள் அலுவலகத்தின் சொந்தக் கையேட்டின்படி, காதில் விழாத இடத்தில் ஊகித்து எழுதாமல் நேரத்தைக் குறித்து 'தெளிவில்லை' என்று போட வேண்டும். சொல் கேட்கிறது, யார் சொன்னார் என்று தெரியவில்லை என்றால் 'பேசியவர் தெளிவில்லை'. முன்பின் பேச்சை வைத்து ஆளை முடிவு செய்யக்கூடாது. கடைசியில், எழுதியவர் தன் காதுக்கு எட்டியவரை இது சரி என்று உறுதிமொழியில் பெயர் போட வேண்டும். வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டதும் ஒலி அழிக்கப்படும். இங்கேயும், அங்கேயும்.

முதல் இரண்டு துண்டுகளில் ஒன்றும் சிக்கலில்லை. அதிகாரி ஒவ்வொரு முறையும் ஆளை அழைத்துவிட்டுத்தான் கேட்டார். "சூப்பர்வைசர், நீங்க சொல்லுங்க." "ஹெல்பர், நீ சொல்லு." மரியாதையிலேயே ஆள் தெரிந்தது. அப்படிக் கேட்டுக்கொண்டே போனபோது, சூப்பர்வைசர் வாய் திறப்பதற்கு முன் ஒவ்வொரு தடவையும் தொண்டையை இரண்டு முறை செருமுவதை அவள் கவனித்தாள். வறட்டுச் செருமல். முதலாவது நீளம், அடுத்தது குட்டை. ஹெல்பருக்கு அந்தப் பழக்கம் இல்லை. கேள்வி முடிவதற்குள் அவசரமாகப் பேச ஆரம்பித்துவிடுகிறவன் அவன்.

மூன்றாம் துண்டில் ஓரிடத்தில் மூவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எழுதியவர் 'பலர் பேசுகிறார்கள்' என்று போட்டிருந்தார். சரிதான். அந்தக் கலவரம் அடங்கியதும் அதிகாரி, யாரையும் அழைக்காமல், கேட்டார்.

"சுவிட்ச போட்டது யாரு?"

விசிறி இரைந்தது. நாற்காலி ஒன்று நகர்ந்தது. பிறகு எதுவும் இல்லை. மௌனம் நீண்டுகொண்டே போனது. திரையில் ஒலியைக் காட்டும் அலைக்கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. இப்படிப்பட்ட இடங்களில் மற்றவர்கள் வேகமாக ஓட்டிவிடுவார்கள். அவள் ஓட்டுவதில்லை. பேச்சைவிட இந்த இடங்களில்தான் மனிதர்கள் பக்கத்தில் வந்து உட்கார்வதுபோல அவளுக்குத் தோன்றும்.

செருமல். நீளம், குட்டை.

"நான்தான் போட்டேன். அவன் மேல ஏறிட்டான்னு நெனச்சேன். கூப்பிட்டுப் பாத்திருக்கணும். பாக்கல."

அதிகாரி உடனே, "சரி, இதோட கொஞ்சம் நிறுத்திக்குவோம்," என்றார். பதிவு அறுந்தது.

துண்டை எழுதியவர் அந்த வரிகளை ஹெல்பர் பெயரில் போட்டிருந்தார். குற்றம் சொல்ல முடியாது. அவருக்குக் கிடைத்தது மூன்றாம் துண்டு மட்டும். பலர் பேசிய இடத்துக்குப் பிறகு இரண்டு குரல்களும் அவர் கையில் இடம் மாறிவிட்டன; துண்டு முடிகிறவரை மாறியே இருந்தன.

நான்காம் துண்டில் பதிவு மறுபடி தொடங்கியபோது அதிகாரியின் தொனி மாறியிருந்தது.

"ஹெல்பர், பேனல் பக்கத்துல நின்னது நீதானே?"

"நின்னேன் சார். ஆனா இப்பத்தானே சார்—"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. உன் கைபட்டுத்தான் ஓடுச்சுன்னா வேலையோட போகாது, தெரியும்ல? போலீஸ்ல ஒப்படைக்கணும். ஒரு உயிரு போயிருக்கு."

"இப்பச் சொன்னதெல்லாம் எழுத்துல வருமா சார்?"

"வரும்."

"வார்த்தைக்கு வார்த்தை?"

"வரும்ப்பா. வெளி ஆளு எழுதுறாங்க. நாம யாரும் கைவைக்க முடியாது."

"அப்பச் சரி சார்," என்றான் ஹெல்பர். நிம்மதி என்று சொல்லக்கூடிய ஏதோ ஒன்று அந்தக் குரலில் இருந்தது.

அவள் கால்மிதியிலிருந்து காலை எடுத்தாள். பிறகு மூன்றாம் துண்டுக்குத் திரும்பி, முதலிலிருந்து எல்லாச் செருமல்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, அந்த வரிகளைச் சூப்பர்வைசர் பெயருக்கு மாற்றினாள்.

மாற்றியதோடு விட்டிருக்கலாம். ஆனால் கட்டுகிறவர் ஒரு துண்டில் பேசுபவரை மாற்றினால், எங்கே, ஏன் என்று குறிப்புப் பெட்டியில் எழுத வேண்டும் என்பது விதி. குறிப்பு ஃபைலோடு வாடிக்கையாளருக்குப் போகும். மற்றவர்கள் 'பேசுபவர் திருத்தப்பட்டது' என்று இரண்டு சொல்லில் முடிப்பார்கள். அவளுக்கு எதையும் பாதியில் விட வராது. மூன்றாம் துண்டில் குரல்கள் கலந்த இடத்துக்குப் பின் அடையாளம் மாறியிருந்ததையும், பேசுவதற்கு முன் செருமும் பழக்கத்தைக் கொண்டு சூப்பர்வைசரை அடையாளம் கண்டதையும் முழு வாக்கியங்களாக எழுதினாள். எழுதி முடித்தபோது ஒரு நல்ல காரியம் செய்த திருப்திகூட இருந்தது. திரையில் கெடுவைக் காட்டும் கடிகாரம் சிவப்பாவதற்குள் அனுப்பிவிட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் கணவன் போன் செய்தான்.

"கேஸ் வண்டி எப்ப வரும்னு கேட்டுச் சொல்றேன்னியே?"

"என்னது?"

"ஊர்ல உள்ளவன் முணுமுணுக்கிறதெல்லாம் உனக்குக் கேக்குது. கட்டினவன் கத்தினாலும் காது கேக்கல."

"உங்க சத்தம் தெளிவில்லன்னு போட்டுட்டேன்."

"போடு போடு. நேரத்தயும் குறிச்சு வை."

அவள் சிரித்தாள். ஃபைல் விஷயம் எதையும் வீட்டில் பேசக்கூடாது. இத்தனை வருடத்தில் பேசியதில்லை. யார் யாருடைய அழுகையோ, பேரமோ, பொய்யோ தினமும் காதில் விழுந்து, இறங்க வழியில்லாமல் உள்ளே கிடக்கும்.

மேசைக்குத் திரும்பியபோது மேஸ்திரி அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"ஏம்மா, இவ்வளவு நீளமா குறிப்பு எழுதச் சொல்லி யாரு உன்னக் கேட்டா?"

திரையில் திருத்தக் கோரிக்கை இருந்தது. வழக்கறிஞர் அலுவலகம் மிகவும் பணிவாக எழுதியிருந்தது. குறிப்பிட்ட வரிகளில் பேசியவர் யார் என்பதைக் குரலால் அல்லாமல் ஒரு பழக்கத்தைக் கொண்டு ஊகித்ததாக எழுதியவரே ஒப்புக்கொண்டிருக்கிறார், இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதியும் இருக்கிறார்கள், உங்கள் கையேட்டின்படி அங்கே 'பேசியவர் தெளிவில்லை' என்றுதான் இருக்க வேண்டும், மாற்றி அனுப்பவும்.

அவளே குறிப்பில் சொல்லியிருக்காவிட்டால் அந்த வாசல் அவர்களுக்குத் தெரிந்தே இருக்காது.

"கைடுல எழுதச் சொல்லியிருக்கு சார்," என்றாள்.

"கைடு எழுதச் சொல்லும்மா. சொந்தக் கைல சூடு வச்சுக்கச் சொல்லுமா? சரி, உனக்கு உறுதியா தெரியுமா?"

"தெரியும்."

"எதவச்சு?"

"செருமல் சார். அவரு ஒவ்வொரு தடவையும்—"

"எங்க, காட்டு. டெக்ஸ்ட்ல எங்க இருக்கு செருமல்?"

"டெக்ஸ்ட்ல இருக்காதே சார். சுத்த நடை. அவங்கதானே எடுக்கச் சொன்னாங்க."

"அப்ப சாட்சியத் தெருவுல விட்டுட்டு, சாட்சி இருக்குங்கிற." அவர் குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. "நான் என்ன செய்ய? அவங்க கேக்குறது நம்ம விதி. அவங்க சொந்த விதியைக் கேட்டா சண்டை போடலாம். நம்ம விதியவே எடுத்துக் காட்டுறானுங்க."

"சார், அந்த ஹெல்பர் மேல பழி விழும். பேனல் பக்கத்துல நின்னது அவன்தான். யாருன்னு தெரியலன்னு போட்டா, அவன்னே ஆயிடும்."

"நாம எழுதுறவங்கம்மா. தீர்ப்புச் சொல்றவங்க இல்ல."

அவள் திரையிலிருந்த அந்த வரிகளை விட்டுக் கண் எடுக்கவில்லை. மேஸ்திரி கொஞ்ச நேரம் நின்றார். அவளுடைய பிடிவாதம் அவருக்குப் பழக்கம். அது எளிதில் தளராது.

"ரெண்டாவது காது கேளு," என்றார் கடைசியில். "அதுக்கு விதி இருக்கு. இன்னொரு ஆளும் நீ சொன்னதையே சொல்லிட்டா நான் அவங்களுக்கு எழுதுறேன். மாத்த முடியாதுன்னு நானே எழுதுறேன்."

இரண்டாவது காது என்பது இந்த ஃபைலைத் தொடாத ஒருவர். எழுத்தையும் குறிப்பையும் அவருக்குக் காட்டக்கூடாது. ஒவ்வொருவர் குரலுக்கும் ஒரு மாதிரியும், தகராறான வரிகளும் மட்டும் அவர் காதுக்குப் போகும். யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கக்கூடாது. கேட்டுவிட்டு, முதல் ஆள், இரண்டாம் ஆள், உறுதியில்லை என்ற மூன்றில் ஒன்றை அழுத்த வேண்டும். நியாயமான விதி. அதை எழுதிய கூட்டத்தில் அவளும் இருந்தாள்.

"யாரு இருக்கா? ரேடியோ, வா இங்க."

"என்ன மேஸ்திரி, காது கடனா?"

"வாய மூடிட்டு காதத் திற."

மேஸ்திரி மாதிரிகளை எடுத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஒலியை வெட்டும் கருவி வரிகளைக் கொண்டுதான் வெட்டும். வரி சொல் தொடங்கும் இடத்தில் தொடங்கும், சொல் முடியும் இடத்தில் முடியும். செருமல் எந்த வரிக்குள்ளும் இல்லை. அது எப்போதும் இரண்டு வரிகளுக்கு நடுவே கிடந்தது.

"சார், கொஞ்சம் முன்னால இருந்து வெட்டுங்க. ரெண்டு மூச்சு அளவு போதும்."

"அவங்க குறிச்சது இந்த வரி மட்டும்தான்."

"அதுக்கு முன்னாடிதான் சார் இருக்கு!"

"தெரியும்மா. ஆனா நீ கேட்டு நான் கூட்டி வெட்டினா, நாம காட்ட நெனைக்கிறத காட்டினோம்னு ஆயிடும். அப்புறம் அந்த ரெண்டாவது காதுக்கு என்ன மதிப்பு? இதையும் குறிப்புல எழுதணும்ல. எழுதாம இருப்பியா நீ?"

எழுதாமல் இருந்திருப்பாளா என்று அவளுக்கே தெரியவில்லை. மேஸ்திரி வரி தொடங்கும் இடத்திலேயே வெட்டினார்.

ரேடியோ ஹெட்போனை மாட்டிக்கொண்டான். அவளைப் பார்த்தான். அவள் வேறுபக்கம் திரும்பி, அடைத்த ஜன்னலைப் பார்த்தாள். முகத்தில் ஏதாவது தெரிந்துவிட்டால் அதுவும் சொல்லிக்கொடுத்ததுதானே. முதுகுக்குப் பின்னால் அவன் கால்மிதியின் சொடக்குச் சத்தம். மறுபடி. மறுபடி. அவன் ஒரு சொல்கூடப் பேசவில்லை. அவன் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததே இல்லை. தொண்டையை இருமுறை செரும வேண்டும்போல அவளுக்கு இருந்தது. செய்தால் போதும். யாருக்கும் குற்றமாகத் தெரியாது. குளிரூட்டி அறையில் யாருக்குத்தான் தொண்டை கட்டாது. ஆனால் வெட்டியதில் செருமலே இல்லாதபோது அவன் எதோடு எதை ஒப்பிடுவான்?

"மேஸ்திரி," என்றான் ரேடியோ. ஹெட்போனைக் கழற்றியிருந்தான். காது மடல் சிவந்திருந்தது. "ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருக்கானுங்க. ஃபேன் வேற. ஒரு தடவை இவன்னு தோணுது, மறுதடவை அவன்னு தோணுது."

"தோணுறது வேண்டாம். தெரியுதா?"

"சத்தியமா தெரியல." அவளிடம் திரும்பினான். "அக்கா, வேணும்னு சொல்லலக்கா. நெஜமாவே தெரியல."

"எனக்குத் தெரியும்டா," என்றாள் அவள்.

அவன் 'உறுதியில்லை'யை அழுத்தினான்.

வரிகள் அவள் திரைக்குத் திரும்பி வந்தன. மாற்ற வேண்டியது இரண்டு சொல்தான். மாற்றிவிட்டு, காதுக்கு எட்டியவரை சரி என்று பெயர் போட வேண்டும். அவள் விரலை வைத்தாள், எடுத்தாள். இன்னொரு முறை அந்த இடத்தைக் கேட்டாள். கேள்வி. விசிறி. நாற்காலி. நீண்ட ஒன்றுமில்லாமை. அந்த ஒன்றுமில்லாமையில் ஒரு மனிதன் எதையோ தூக்கிப் பார்த்து, கனம் தாங்காமல் கீழே வைக்கிறான். பேசப் போகிறவன் யார் என்று அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். நான்காவதாக அவளுக்கு.

'வரிசைக்குத் திருப்பு' என்பதை அழுத்தினாள்.

மேஸ்திரி தன் மேசையிலிருந்தே குரல் கொடுத்தார். "திருப்பினா என்னம்மா ஆகும்? உன் பேரு இருக்காது. அவ்வளவுதானே."

"எம் பேரு இருக்க வேண்டாம் சார்."

"இந்த ஃபைல எத்தன பேரு கேக்கலாம்னு வாடிக்கையாளர் கட்டுப்படுத்தியிருக்காங்க. ஏற்கெனவே கேட்ட ஆளுக்குத்தான் போகும்." அவர் சொல்லி முடிப்பதற்குள் எதிர்மேசையில் மணி ஒலித்தது.

ரேடியோ திரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "எடுக்கலாமாக்கா?"

அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் எடுத்திருக்க மாட்டான். அதுவும் அவளுக்குத் தெரியும். ஆனால் அவன் எடுக்காவிட்டால் மேஸ்திரி எடுப்பார். மேஸ்திரி எடுத்து முடித்த பிறகு, வேலையைத் திருப்பிவிட்டவர்கள் என்று அவளும் அவனும் இரண்டு பேர் இருப்பார்கள். வரியில் இருக்கப் போவது அதே இரண்டு சொல்.

"உனக்குத் தெரியலதானே," என்றாள்.

"தெரியல."

"அப்ப எடு."

அவன் முடித்தான். உறுதிமொழியில் தன் பெயரைப் போட்டான். அவனுடைய காதுக்கு எட்டியவரை அது முழு உண்மை. சிறிது நேரத்தில் வாடிக்கையாளரின் ஏற்பு வந்தது. ஃபைலின் பெயர் சாம்பல் நிறமானது. பக்கத்தில், மூல ஒலி நீக்கப்பட்டது என்ற வரி. மேஸ்திரி எழுந்து தேநீர் எடுக்கப் போனார். போகும்போது அவள் மேசையில் ஒரு நொடி கை வைத்துவிட்டுப் போனார்.

"அக்கா," ரேடியோ நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தான். "இப்பக் கேக்கலாம்ல? யாருக்கா அது?"

"சூப்பர்வைசர்."

"எப்படிச் சொல்றீங்க?"

அவள் செருமிக் காட்டினாள். நீளம், குட்டை. "ஒவ்வொரு தடவையும். பதிவு முழுக்க. நான்தான் போட்டேன்ங்கிறதுக்கு முன்னாலயும்."

அவன் அதைத் தன் தொண்டையில் மெல்லச் செய்து பார்த்தான். பிறகு சட்டென்று தன் மேசைக்குப் போய் ஃபைல் பெயரை அழுத்தினான். திறக்கவில்லை. மறுபடி அழுத்தினான்.

"எனக்கு அத வெட்டிட்டுக் குடுத்துட்டாங்க அக்கா."

"ம்."

"நான் பொய் சொல்லல."

"இல்ல. நீ சொல்லல."

"அந்த ஹெல்பருக்கு என்ன ஆகும்?"

அவள் ஹெட்போன் வயரைச் சுருட்டி மேசையில் வைத்தாள். அவன் இரண்டு முறை வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். அவள் அவனுக்காகக் காத்திருந்தாள். ஏதாவது பேசுவான், ஒரு கேலியாவது செய்வான் என்று. எங்கோ ஒரு வீட்டில் அந்த ஹெல்பர் இப்போது, எல்லாம் எழுத்தில் வந்துவிட்டது, வார்த்தைக்கு வார்த்தை, என்று தன் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருப்பான்.

திரையில் அடுத்த ஃபைல் வந்து நின்றது. இரண்டு துண்டு, சாதாரண வேகம், பேசுபவர் ஒருவர். எடுக்கிறீர்களா என்று கேட்டது. எடுக்காவிட்டால் தானாக அடுத்தவருக்குப் போய்விடும். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். போய்விட்டது.